கடன் முடிந்தது என்ற வங்கிக் கடிதம் போதுமா? வீடு வாங்குபவர் விற்பவருக்கு எழுத வேண்டிய கடிதம்

வாசகர் கேள்வி:

“பெஸ்தாரி ஜெயாவில், பழைய தோட்டத்தை ஒட்டிய தாமானில் ஒரு தெரஸ் வீட்டை 180,000 வெள்ளிக்கு வாங்கப் பேசியிருக்கிறோம். விற்பவர் ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி. அப்பாவுக்கு நெடுநாள் பழக்கம், நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். வங்கிக் கடன் 2009இலேயே முடிந்துவிட்டது என்று வங்கிக் கடிதத்தைக் காட்டினார். வரி ரசீதுகளும் ஒரு கோப்பில் வைத்திருக்கிறார். பதிவுக்கு முன் என்னென்ன தாள்கள் வேண்டும் என்று அவருக்குக் கடிதம் எழுத நினைக்கிறேன். அவர் மனம் நோகாமல், எதுவும் விடுபடாமல் எப்படி எழுதுவது?”

வழக்கறிஞர் பதில்:

மாமா காட்டிய அந்த வங்கிக் கடிதத்திலிருந்தே தொடங்குகிறேன். கடன் முழுவதும் அடைந்துவிட்டது என்று வங்கி எழுதிக் கொடுக்கும் கடிதம், வங்கிக்கும் அவருக்கும் இடையே இனிப் பாக்கி ஏதும் இல்லை என்பதை மட்டுமே காட்டும். அவர் கடன் வாங்கியபோது வீட்டின் மீதான அடமானம் நில அலுவலகப் பதிவேட்டில் ஏற்றப்பட்டிருக்கும். பணம் கட்டி முடித்ததால் மட்டும் அந்தப் பதிவு தானாக அழிந்துவிடாது. அடமானத்தை விடுவிப்பதாக வங்கி கையொப்பமிடும் 16என் படிவம், அசல் கிராண்ட், வங்கியிடம் உள்ள அடமானப் பத்திரப் பிரதி ஆகிய மூன்றும் நில அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்டு, விடுவிப்பு பதிவான பிறகே வீடு சட்டப்படி விடுபடுகிறது. இந்தக் கடைசி வேலையை யாரும் செய்யாமலே பத்துப் பதினைந்து ஆண்டுகள் கடந்துபோன வீடுகளை நம் தோட்டப்புற ஊர்களில் நான் அடிக்கடி பார்க்கிறேன்.

முடிந்துபோன கடனைவிட நடப்பில் உள்ள கடனே வாங்குபவருக்குச் சுலபமானது என்று நான் சொன்னால் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். கடன் பாக்கி இருந்தால், உங்கள் வழக்கறிஞர் விற்பவரின் வங்கியிடம் மீட்புத் தொகை அறிக்கையைக் கேட்டு வாங்குவார். எந்தத் தேதிவரை எவ்வளவு கட்ட வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு எவ்வளவு வட்டி கூடும், பணம் வந்ததும் எத்தனை நாளில் 16என் படிவத்தையும் கிராண்டையும் ஒப்படைப்போம் என்பதையெல்லாம் அந்த அறிக்கையில் வங்கி எழுத்தில் உறுதி செய்யும். உங்களுக்குக் கடன் தரும் வங்கி அந்தத் தொகையை நேராக அங்கே கட்டும். பணம் கைமாறுவதால் எல்லாத் தரப்புக்கும் அவசரம் இருக்கும். முடிந்துபோன கடனிலோ கட்ட வேண்டிய தொகை எதுவும் இல்லாததால் வங்கிக்கு அவசரம் இல்லை, வேலை பாக்கி இருப்பதே விற்பவருக்குத் தெரியாது, அவர் சொன்னதை நம்பிய வாங்குபவரும் கேட்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு தோட்ட ஊரில் இதேபோன்ற ஒரு விற்பனையை நான் கவனித்தேன். விற்பவர் ஒரு பெரியவர். ‘எல்லாம் இருக்கிறது, தம்பி’ என்று சொல்லி ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே பிளாஸ்டிக் உறையில் அசல் கிராண்ட் இருந்தது, அதனுடன் வங்கி அதிகாரி கையொப்பமிட்ட 16என் படிவமும் இருந்தது. கடனை அடைத்தபோது வங்கி கொடுத்ததை அவர் பதினோரு ஆண்டுகளாகக் கரையான் தொடாமல் பத்திரப்படுத்தியிருந்தார், ஆனால் அதை நில அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. படிவத்தில் கையொப்பமிட்ட அதிகாரிக்கு வங்கியின் சார்பில் கையொப்பமிடத் தந்திருந்த பகர அதிகாரம் இதற்குள் ரத்தாகியிருந்தது. அந்த வங்கியும் வேறொரு வங்கியுடன் இணைந்து பெயர் மாறிவிட்டது. ஆகவே புதிய வங்கியிடம் புதிய படிவம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. பழைய கணக்கு எண்ணைக் கொண்டு கோப்பைத் தேடி எடுக்கவே இரண்டு மாதம் ஆயிற்று, விடுவிப்பு பதிவாகும்போது ஐந்தாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. அதுவரை வாங்கியவர் வாடகை வீட்டிலேயே இருந்தார். பெரியவரிடம் எந்தத் தவறும் இல்லை. ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே யாராவது அந்த டின்னைத் திறந்து பார்த்திருந்தால், அந்த ஐந்து மாதமும் ஒப்பந்தக் காலத்துக்கு வெளியே கழிந்திருக்கும்.

மலேசியாவில் 2000ஆம் ஆண்டையொட்டி உள்நாட்டு வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பெரிய அளவில் ஒன்றிணைக்கப்பட்டன. மாமா அதற்கு முன் வாங்கிய கடன் என்றால், பதிவேட்டில் இருக்கும் வங்கியின் பெயரும் அவர் காட்டிய கடிதத்தின் தலைப்பில் உள்ள பெயரும் வேறு வேறாக இருக்கக்கூடும். அதனால் அடமானம் செல்லாது என்று ஆகிவிடாது. யாரிடம் போய்க் கேட்பது என்பதை முதலில் கண்டறிய வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே கடிதம் எழுதும் முன் நில அலுவலகத்தில் ஒரு தனியார் தேடல் செய்யுங்கள். பட்டாவின் வகையையும் எண்ணையும், லாட் எண்ணையும், முக்கிம் பெயரையும் கொடுத்தால் போதும். கோல சிலாங்கூர் மாவட்டத்து வீடு என்பதால், முக்கிம் வகைப் பட்டா என்றால் மாவட்ட நில அலுவலகத்திலும், மாநிலப் பதிவகத்தின் பட்டா என்றால் ஷா ஆலமிலும் தேட வேண்டும். தேடல் தாளில் மூன்று இடங்களைக் கவனியுங்கள். முதலாவது, ‘தாங்குங்கான்’ என்ற பகுதி. அங்கே ‘காடாயான்’ என்ற சொல்லுடன் ஒரு வங்கியின் பெயரும் ஒப்படைப்பு எண்ணும் இருந்தால் அடமானம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதே பகுதியில் ‘கவியட்’ இருக்கிறதா என்றும் பாருங்கள். முன்பு வாங்கப் பேசி விட்டுப்போன ஒருவரோ, வட்டிக்குப் பணம் கொடுத்தவரோ போட்டுவைத்த தடையாக அது இருக்கலாம். இரண்டாவது, ‘செக்காத்தான் கெப்பெந்திங்கான்’ என்ற வரி. மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் கைமாற்றக் கூடாது என்று அங்கே எழுதியிருந்தால், அந்த ஒப்புதலுக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் விற்பவர். குறைந்த விலை வீடுகளில் இந்த நிபந்தனை மிகச் சாதாரணம், ஒப்புதல் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். மூன்றாவது, உரிமையாளரின் பெயரும் அடையாள அட்டை எண்ணும். பழைய பட்டாக்களில் பழைய அட்டை எண் இருக்கும், தந்தை பெயரின் எழுத்துக்கூட்டலும் நம்மவர்களுக்கு ஆவணத்துக்கு ஆவணம் மாறியிருக்கும். நில அலுவலகம் இதைக் கேள்வி கேட்கும் என்பதால் இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கான உறுதிப்படுத்தலை முன்கூட்டியே வாங்கிவைப்பது நல்லது.

இனி மாமாவின் ரசீதுக் கோப்புக்கு வருவோம். நம் ஊரில் வீட்டுக்கு இரண்டு வரி உண்டு, பலர் ஒன்றைக் கட்டிவிட்டு இரண்டையும் கட்டியதாக நினைத்துக்கொள்கிறார்கள். நில வரி நில அலுவலகத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறை கட்டுவது. சனவரி முதல் நாளிலிருந்து செலுத்த வேண்டியது, மே மாத இறுதிக்குள் கட்டாவிட்டால் பாக்கி என்று கணக்காகி அபராதம் சேரும். வீட்டு வரி, அதாவது நாம் சுக்காய் பிந்து என்று சொல்வது, ஊராட்சி மன்றத்துக்கு அரையாண்டுக்கு ஒரு முறை கட்டுவது. உங்கள் ஊருக்கு அது கோல சிலாங்கூர் நகராண்மைக் கழகம். முதல் அரையாண்டுக்குப் பிப்ரவரி இறுதியும், இரண்டாம் அரையாண்டுக்கு ஆகஸ்டு இறுதியும் கெடு. பெயர்மாற்றப் படிவத்தை நில அலுவலகத்தில் ஒப்படைக்கும்போது நடப்பு ஆண்டின் நில வரி கட்டப்பட்டிருக்க வேண்டும். ஆகவே சென்ற ஆண்டு வரை அடுக்கடுக்காக ரசீது இருந்தும், இந்த ஆண்டின் ஒரு தாள் இல்லையென்றால் வேலை நின்றுவிடும்.

ரசீதைக் கையில் வாங்கியதும் தொகையைப் பார்ப்பதற்கு முன் லாட் எண்ணைப் பாருங்கள். அதைக் கிராண்டில் உள்ள லாட் எண்ணுடன் ஒவ்வோர் எண்ணாக ஒப்பிடுங்கள். தோட்டம் துண்டாடப்பட்டுத் தாமான் உருவான இடங்களில், தற்காலிகப் பட்டாவில் இருந்த எண் ஒன்றும், நில அளவைக்குப் பிறகு வந்த எண் ஒன்றுமாக இருக்கும். பழைய எண்ணுக்குக் கட்டிய வரி புதிய கணக்கில் ஏறாமல் கிடப்பதும் உண்டு, பக்கத்து வீட்டுக்காரரின் வரியைத் தெரியாமல் கட்டிவந்தவரையும் நான் பார்த்திருக்கிறேன். ரசீது இருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், பாக்கி ஏதும் இல்லை என்று அந்தக் கணக்கின் இன்றைய நிலையைக் காட்டும் தாளையே கேளுங்கள். மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் ஆகியவற்றின் கட்டணங்கள் பெயர்மாற்றத்தைத் தடுக்காது, ஆனால் சாவி வாங்கும் நாளில் தகராறு வராமல் இருக்க அவற்றின் கடைசிக் கட்டணச் சீட்டுகளையும் சேர்த்துக் கேளுங்கள்.

மாமாவுக்கு எழுதும் கடிதம் ஏறக்குறைய இப்படி அமையலாம். தேடலின் முடிவுக்கு ஏற்பச் சொற்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

“மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வீட்டை எங்களுக்குத் தர இசைந்ததற்கு நன்றி. எங்களுக்குக் கடன் தரவிருக்கும் வங்கியும் எங்கள் வழக்கறிஞரும் ஒப்பந்தம் எழுதுவதற்கு முன் சில தாள்களைக் கேட்கிறார்கள். அவற்றைத் தங்களிடம் வாய்மொழியாகக் கேட்டால் ஏதேனும் விடுபட்டுவிடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

தங்கள் வீட்டுக் கடன் 2009ஆம் ஆண்டு முழுவதும் அடைந்ததை வங்கிக் கடிதத்தில் பார்த்தேன். ஆயினும் நாங்கள் நில அலுவலகத்தில் எடுத்த தேடல் தாளில் அந்த வங்கியின் அடமானப் பதிவு இன்னும் நீக்கப்படாமல் இருக்கிறது. அதன் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். வங்கி தங்களிடம் திருப்பித் தந்த தாள்களில் அசல் கிராண்டும், அடமானப் பத்திரப் பிரதியும், 16என் படிவமும் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன். இல்லையென்றால், பழைய கடன் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டு, அடமான விடுவிப்புக்கான தாள்களைத் தரும்படி வங்கிக்குத் தாங்கள் ஒரு கடிதம் எழுத வேண்டும். அதைத் தட்டச்சு செய்து கொண்டுவர நான் தயாராக இருக்கிறேன், தங்கள் கையொப்பம் மட்டும் போதும். விடுவிப்புக்கான செலவு விற்பவரைச் சேர்ந்தது என்று வழக்கறிஞர் சொன்னார், தங்களுக்கு அதில் மாற்றுக் கருத்து இருந்தால் பேசிக்கொள்வோம்.

நடப்பு ஆண்டின் நில வரி ரசீது, நடப்பு அரையாண்டின் வீட்டு வரி ரசீது, இரண்டிலும் பாக்கி இல்லை என்பதற்கான கணக்கு நிலைத் தாள், தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் ஆகியவற்றின் கடைசிக் கட்டணச் சீட்டுகள், தங்கள் அடையாள அட்டை நகல், தாங்கள் இந்த வீட்டை வாங்கியபோது எழுதிய ஒப்பந்தத்தின் நகல் ஆகியவையும் தேவைப்படுகின்றன.

இந்த வீட்டின் மீது வேறு யாருக்கும் கடனோ, முன்பணம் வாங்கிய பேச்சோ, வாடகை உடன்படிக்கையோ இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். 14 நாள்களுக்குள் இவை கிடைத்தால் ஒப்பந்தத்துக்கு நாள் குறிக்கலாம். இக்கடிதம் தாள்களைக் கேட்பதற்காக மட்டுமே. விலையும் நிபந்தனைகளும் இரு தரப்பும் கையொப்பமிடும் ஒப்பந்தத்தின்படியே அமையும்.

இப்படிக்கு,
அன்புடன்,”

இதில் சில வரிகளை நான் வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். வங்கியும் வழக்கறிஞரும் கேட்கிறார்கள் என்பது உண்மையும்கூட, ஏனென்றால் உங்கள் வங்கி தன் அடமானத்தை முதலாவதாகப் பதிய வேண்டும், பழைய வங்கியின் பதிவு இருக்கும்வரை கடன் தொகையை விடுவிக்காது. தேடல் தாளின் நகலை இணைக்கச் சொன்னதற்குக் காரணம், உங்கள் சந்தேகமாகத் தோன்றாமல் அரசு அலுவலகத்தின் தாளாகவே அது மாமாவின் முன் நிற்கும் என்பதுதான். பழைய கொள்முதல் ஒப்பந்தத்தைக் கேட்பது சொத்து ஆதாய வரிக்காக. அவர் எந்தத் தேதியில், என்ன விலைக்கு வாங்கினார் என்பது அதிலிருந்துதான் தெரியும்.

அந்த வரி விற்பவருடையது, ஆனால் அதில் உங்களுக்கும் ஒரு கடமை உண்டு. மலேசியக் குடிமகன் ஒருவர் வீட்டை விற்கும்போது, விலையில் 3 விழுக்காட்டை வாங்குபவர் பிடித்துவைத்து, ஒப்பந்தத் தேதியிலிருந்து 60 நாள்களுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்குச் செலுத்த வேண்டும் என்பது பொது விதி. உங்கள் விலைக்கு அது 5,400 வெள்ளி. முன்பணமாக 10 விழுக்காடு, அதாவது 18,000 வெள்ளி கொடுக்கும்போது, 12,600 வெள்ளி மட்டும் மாமாவிடம் சேரும்படி செய்து மீதியை உங்கள் வழக்கறிஞர் தம் வாடிக்கையாளர் கணக்கில் வைத்திருப்பார். குடிமக்கள் ஐந்தாண்டுக்கு மேல் வைத்திருந்து விற்கும் வீட்டுக்கு 2022 முதல் இந்த வரி இல்லை. மாமா அந்த வகையில் வருவார் என்றாலும் அதற்குரிய அறிவிப்பை வாரியத்துக்கு அவர் கொடுத்தாக வேண்டும், அதுவரை பிடித்துவைத்த தொகையை விடுவிக்கச் சொல்லி உங்கள் வழக்கறிஞரை நெருக்க வேண்டாம். இதை ஒப்பந்த நாளில் திடீரென்று கேட்டால் அவருக்கு வருத்தமாக இருக்கும் என்பதால், முன்பே வீட்டுக்குப் போய் நேரில் விளக்கிச் சொல்வது நல்லது. கடிதத்தில் இதை எழுதாமல் விட்டதும் அதனால்தான்.

இடையில் தரகர் இருந்தால் இரண்டு விழுக்காடு முன்பதிவுப் பணம், அதாவது 3,600 வெள்ளி கேட்பார். அதைக் கொடுப்பதற்கு முன் தேடல் தாள் உங்கள் கையில் இருக்க வேண்டும். கொடுக்கும்போது, அடமான விடுவிப்போ மாநில ஒப்புதலோ கிடைக்காவிட்டால் பணம் முழுவதும் திரும்ப வரும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, உங்கள் பெயரில் 19பி படிவத்தின் வழி தனியார் கவியட் போடும்படி வழக்கறிஞரிடம் சொல்லுங்கள், அது இருக்கும்வரை வேறு எவருக்கும் பெயர் மாற்ற முடியாது. தேடலில் பிறர் போட்ட கவியட் தெரிந்திருந்தால், அதைப் போட்டவர் 19ஜி படிவத்தின் வழி விலக்கிக்கொள்ளும் வரை ஒப்பந்தம் எழுதவே வேண்டாம் என்பது என் கருத்து.

கடிதத்தில் கேட்டவை அனைத்தும் பிறகு ஒப்பந்தத்தில் விற்பவரின் கடமைகளாக எழுதப்பட வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்துக்குத் தனியே கட்டுப்படுத்தும் வலிமை இல்லை. இங்கே ஒரு வாசகத்தை வற்புறுத்திக் கேளுங்கள். விற்பனையை முடிக்க மூன்று மாதமும், அதற்குமேல் ஒரு மாதம் ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டியுடனும் என்று எழுதுவது வழக்கம். அந்த வட்டியைக் கட்டுபவர் வாங்குபவர். விடுவிப்புத் தாள்கள் வராமல் தாமதமான நாள்கள் இந்தக் கணக்கில் சேராது என்று எழுதாவிட்டால், மாமாவின் பழைய வங்கி செய்யும் தாமதத்துக்கு நீங்கள் வட்டி கட்ட நேரிடும். இன்னும் நல்லது, மூன்று மாதக் கணக்கே 16என் படிவமும் அசல் கிராண்டும் உங்கள் வழக்கறிஞரின் கைக்கு வந்த நாளிலிருந்து தொடங்கும் என்று எழுதுவது.

கிராண்ட் தொலைந்திருந்தால் வழி முற்றிலும் வேறு. போலீஸ் புகாரும் சத்தியப் பிரமாணமும் கொடுத்து மாற்றுப் பட்டாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அரசிதழில் அறிவிப்பு வெளியாகிக் காத்திருக்க வேண்டும். அப்படி என்று தெரிந்தால், மாற்றுப் பட்டா வரும்வரை முன்பணம் கொடுக்காமல் காத்திருங்கள்.

எல்லாம் சேர்ந்த பிறகு ஒப்படைப்பு ஒரே நேரத்தில், இந்த வரிசையில் நடக்கும்: பழைய அடமானத்தை விடுவிக்கும் 16என், பெயரை மாற்றும் 14ஏ, உங்கள் வங்கிக்கான புதிய அடமானமாகிய 16ஏ. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒப்படைப்பு எண் கிடைக்கும், மூன்றையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சில வாரம் கழித்து மறுபடியும் தேடல் செய்து, உங்கள் பெயர் ஏறிவிட்டதையும் பழைய வங்கியின் பெயர் மறைந்துவிட்டதையும் கண்ணால் பாருங்கள். பெயர் மாறிய மூன்று மாதத்துக்குள் நகராண்மைக் கழகத்துக்கு அறிவிப்புக் கொடுத்து வீட்டு வரிக் கணக்கை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். இல்லையென்றால் அடுத்த அரையாண்டுச் சீட்டு மாமாவின் பெயரிலேயே வரும்.